இரவு ஷிஃப்டில் பெட்டிங் விளம்பரம் வந்தால்

கங்கைகொண்டான் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட். அதிகாலை 3:40, இடைவேளை. ஒருவர் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்க்கிறார், இடையில் விளம்பரம்: "200 ரூபாய் போடுங்க, 500 போனஸ்." விரல் பட்டன் வரை போய்விட்டது.

அந்த நேரத்தில் உடலின் விழிப்பு மிகக் குறைவாக இருக்கும். தூக்கம் கெட்ட மூளைக்கு வரப்போகும் லாபம் பெரிதாகத் தெரியும், போகப்போகும் பணம் உறைக்காது. போனஸை எடுக்க அதைப்போலப் பல மடங்குக்குப் பந்தயம் கட்டச் சொல்லும் நிபந்தனையும் கண்ணில் படாது.

அவர் போனை லாக்கரில் வைத்துப் பூட்டினார். வெளியே வந்து முகம் கழுவினார்.

"என்னலே, கண்ணு சொக்குதா?"

"ஆமா அண்ணாச்சி, ஒரு டீ குடிப்போம்."

இடைவேளை முடிந்து மெஷினுக்குப் போனார். போன் லாக்கரிலேயே கிடந்தது.

தூங்கி எழுந்த பிறகுதான் அடுத்த வேலை. கூகுள் கணக்கில் `My Ad Center` திறந்து, `Sensitive` பகுதியில் `Gambling` என்பதை அணைத்தார். இதனால் கூகுளிலும் யூடியூபிலும் சூதாட்ட விளம்பரங்கள் குறையும், முழுதாக நிற்காது. டெலிகிராம் குழுவில் வரும் பெட்டிங் லிங்குக்கு இது உதவாது. அந்தக் குழுவை விட்டே வெளியேற வேண்டும்.

ஏற்கெனவே பணம் விட்டு மனம் தவித்தால் 14416-க்கு அழைக்கலாம். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள்.