தோளை விட்டு இறங்கிய டாப்

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் ஆபீஸ் சேர்வதற்குள் என் காட்டன் டாப் தோளை விட்டு இறங்கிவிடும், கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் மொத்தமும் மேலே ஏறும். மார்பு 46 என்று தோளையும் 17 இஞ்ச் வைத்துவிட்டார் தையல்காரர், என் தோள் எலும்புக்கு எலும்பு 15தான். அப்புறம் எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் போனேன். "சதை வச்சா எலும்பு அகலமாகுமா மக்ளே?" என்று சிரித்தார். புதுத் துணியில் தோளை 15 ஆக்கி, தொங்கிய கைக்குழியை ஒரு இஞ்ச் மேலே ஏற்றி, மார்புக்கான இடத்தை, பக்கவாட்டுத் தையலிலிருந்து மார்பை நோக்கி மடித்துத் தைக்கும் டார்ட்டில் கொடுத்தார். டார்ட் முனை மார்பு உச்சிக்கு ஒன்றரை இஞ்ச் முன்னாலேயே நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் கூம்பாகத் துருத்தும். இப்போது சாயங்காலம் வரை நகரவில்லை. பழைய டாப்புகளில் தோளைக் குறைக்கலாம், வெட்டிய கைக்குழியை ஏற்றத் துணி இருக்காது.