காலை இழந்த முதல் மாதங்கள்: அன்பால் நடக்கும் தவறுகள்

விபத்தில் கால் போனவரின் கட்டிலருகே முதல் வாரத்தில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "உயிர் தப்பிச்சதே பெரிய விஷயம், அழாதேப்பா." எனக்கும் சொன்னார்கள். 2011-ல் லாரி மோதி, இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதைக் கேட்ட பிறகு நான் அவர்கள் முன்னால் அழவில்லை. அழுகையை ராத்திரிக்குத் தள்ளிவைத்தேன்.

இப்போது சில ஆண்டுகளாக என்னைப்போல் காலையோ கையையோ இழந்தவர்களை வார்டில் போய்ப் பார்த்து வருகிறேன். இதைப் பியர் மென்டர் என்பார்கள். அதே இழப்பை முன்பே கடந்து வந்த ஒருவர், கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு, புதிதாக இழந்தவருக்குத் துணையாக இருப்பது. அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய ஆம்பூட்டி கொயலிஷன் என்ற அமைப்பு இதற்கென்றே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. நம் ஊரில் பெரும்பாலும் ஃபிசியோதெரபிஸ்டோ செயற்கைக் கால் செய்பவரோ போன் போட்டு, "உங்களை மாதிரி ஒருத்தர் வந்திருக்கார், ஒரு எட்டு வந்து பார்க்கிறீங்களா?" என்று கேட்பதுதான் ஏற்பாடு.

போன வருஷம் அப்படிப் போய்ப் பார்த்த ஒரு தம்பியை வைத்தே சொல்கிறேன். வயது 26. குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கால் முட்டிக்குக் கீழே போயிருந்தது.

"மூணு மாசத்துல ஓடலாம்"

நான் போனபோது அவருக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். முகத்தில் தெளிவு இருந்தது. எனக்கே ஆச்சரியம். பேசும்போதுதான் புரிந்தது. "மூணு மாசத்துல செயற்கைக் கால் வச்சா பழைய மாதிரி ஓடலாம், வண்டி ஓட்டலாம்" என்று அவருடைய அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் இப்படித் தேதி குறித்துச் சொன்னால், அந்தத் தேதி வரும்போது ஆள் உடைந்துபோவார்.

உண்மையில் நடப்பது வேறு. தையல் பிரிக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்புறம் மிச்சமிருக்கும் காலில் வீக்கம் வடிய வேண்டும். அதற்குத்தான் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் தினமும் அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றுகிறோம். புண் நன்றாக ஆறினால் பல பேருக்கு இரண்டு மூன்று மாதத்தில் முதல் கால் போட்டுப் பார்க்கலாம். கிருமி பிடித்தால், சர்க்கரை இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். முதல் காலும் கடைசிக் கால் இல்லை. முதல் வருஷம் முழுக்கச் சதை சுருங்கிக்கொண்டே இருக்கும். செயற்கைக் காலில் மிச்சக் காலை நுழைக்கும் கூடுதான் சாக்கெட். இன்றைக்குக் கச்சிதமாக இருந்த சாக்கெட் இரண்டு மாதத்தில் லொடலொட என்று ஆடும். உள்ளே கூடுதல் சாக்ஸ் போட்டுச் சமாளிப்போம். அதற்கு மேல் சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

அந்தத் தம்பிக்கு முதல் கால் போட்டது நாலாவது மாதம். இருபது நிமிஷம் நின்றார். கழற்றியபோது தோல் சிவந்திருந்தது. அன்று மாலை எனக்குப் போன்: "அண்ணே, எனக்கு இது சரிப்பட்டு வராது." காலில் இருந்த கோளாறைத் தன்னுடைய தோல்வியாக எடுத்துக்கொண்டுவிட்டார். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறைந்ததா என்று கேட்டேன். மறையவில்லை என்றார். அப்படியென்றால் சாக்கெட் அந்த இடத்தில் அழுத்துகிறது, திருத்தித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். மறுநாளே போனார், அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள். எனக்கு முதல் வருஷத்தில் இரண்டு தடவை சாக்கெட் மாறியதைச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை முதல்லயே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அதனால் வீட்டில் இருப்பவர்கள் தேதி சொல்லாதீர்கள். அடுத்த படி என்னவோ அதை மட்டும் சொல்லுங்கள். "தையல் பிரிக்கட்டும், அப்புறம் கட்டுப் போடப் பழகலாம்." அது போதும்.

இல்லாத கால் வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படுவது

இதைத்தான் எல்லாரும் அதிகமாக மறைக்கிறார்கள். வெட்டி எடுத்த காலில் கட்டைவிரல் நெரிகிற மாதிரி, குதிகாலில் கரண்ட் அடிக்கிற மாதிரி வலிக்கும். கால் போனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வரும். கிராமத்து வீடுகளில் இதை வாய்விட்டுச் சொன்னால் காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். நகரத்தில் என்றால் "மனசுதான் காரணம்" என்பார்கள். இரண்டுக்கும் பயந்து ஆள் வாயை மூடிக்கொள்வார். நமக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று உள்ளுக்குள் மருகுவார்.

இது பைத்தியம் இல்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்க டாக்டர் சைலஸ் வேர் மிட்செல் 1871-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார், ஃபாண்டம் லிம்ப் என்று. 1990-களில் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கை அசைவது போல மூளைக்குத் தோன்றச் செய்தார். சிலருக்கு அதில் வலி தளர்ந்தது. அதே முறையைக் காலுக்கும் செய்கிறார்கள். எல்லாருக்கும் கேட்பதில்லை. சிலருக்குக் கண்ணாடியில் இரண்டு காலையும் பார்த்ததும் அழுகைதான் வரும். அதனால் ஃபிசியோ கூட இருக்கும்போது தொடங்குவது நல்லது. நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகளும் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டால் கொடுப்பார்.

தம்பியிடம் நான் விளக்கம் எதுவும் சொல்லித் தொடங்கவில்லை. "ராத்திரி எனக்கு இல்லாத கால்ல சுண்டுவிரல் அரிக்கும், சொறிய முடியாம கட்டிலைத் தட்டுவேன்" என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கும் இருக்கிறது, இதுவரை சொல்லவில்லை என்று தெரிந்தது. டாக்டர் கேட்டபோது "ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னவர், அன்று அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார்.

எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவது

அவருடைய அம்மா முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை வைத்திருந்தார். பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்று. பார்க்கப் பாசமாக இருக்கும். ஆனால் முட்டி நாள்கணக்கில் மடங்கியே இருந்தால் அப்படியே இறுகிவிடும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. நிமிராத முட்டியோடு செயற்கைக் கால் போட்டு நடப்பது ரொம்பக் கஷ்டம். தலையணையை எடுக்கச் சொன்னது ஃபிசியோதான். ஆனால் அம்மா கேட்டது நான் என் முட்டியை நீட்டிக் காட்டிய பிறகு.

மனசும் இப்படித்தான் இறுகும். தண்ணீர் கேட்கும் முன்னே டம்ளர் வருகிறது. கணக்கு வழக்கை அண்ணன் எடுத்துக்கொள்கிறார். வண்டியை விற்கலாமா என்று பக்கத்து அறையில் பேசுகிறார்கள். ஒரு மாதத்தில் அவர் அந்த வீட்டில் நோயாளி மட்டும்தான். ஊன்றுகட்டை வைத்து எழுந்து தன் துணியைத் தானே எடுக்கட்டும். வண்டி விஷயத்தை அவர் முன்னாலேயே பேசுங்கள், கோபப்பட்டால் படட்டும்.

விழுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது, கால் இருக்கிற நினைப்பில் இறங்கி விழுவது எங்களில் ரொம்பப் பேருக்கு நடந்திருக்கிறது. தையல் பிரிந்துவிடும். அதைவிடப் பெரிய அடி, ஒரு நொடி மறந்திருந்தது மறுபடி ஞாபகத்துக்கு வருவது. காலை இறக்கும் பக்கத்தில் கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். தூக்கத்தில் எழுந்தாலும் கை அதில் இடித்ததும் நினைவு வந்துவிடும்.

மென்டர்கள் நாங்கள் செய்யும் தவறு

இதை மறைக்க மாட்டேன். முதலில் போன இடங்களில் நான் தப்பாகத்தான் செய்தேன். உட்கார்ந்ததும் பேண்ட்டைத் தூக்கிக் காலைக் காட்டி, படி ஏறியதை, பைக் ஓட்டியதை எல்லாம் கொட்டினேன். எதிரில் இருந்தவர் நாற்பது வயது கட்டடத் தொழிலாளி. தொடையோடு கால் போனவர். கடைசியில் மெதுவாக, "உங்களுக்கு முட்டி இருக்கே சார்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முட்டி இல்லாமல் நடப்பது வேறு வேலை, அதற்கு உடம்பு செலவழிக்கும் சக்தியே வேறு. நான் போகவே கூடாத ஆள் அவர்.

அதற்குப் பிறகு போன் வந்தால் முதலில் கேட்பது: எந்த இடத்தில் எடுத்தார்கள், விபத்தா சர்க்கரையா, என்ன வயது, என்ன வேலை, ஆணா பெண்ணா. கை போனவருக்குக் கை போனவர்தான் சரி. இளம் பெண்ணுக்குப் பெண்தான் போக வேண்டும். புடவை கட்டுவதையும் கல்யாணப் பேச்சையும் என்னிடம் எப்படிக் கேட்பார்? தன் காயமே ஆறாதவரும் போகக் கூடாது. கால் போய் ஒரு வருஷமாவது ஆகியிருக்கட்டும்.

இன்னொன்று, அவர் வரச் சொன்னாரா என்று பார்ப்பது. குடும்பம் கூப்பிட்டு நான் போய், ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்ட நாளும் உண்டு. நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அவரே அழைத்தார். மருந்தைப் பற்றி, எந்தக் கம்பெனிக் கால் நல்லது என்பதைப் பற்றி நான் தீர்ப்பு சொல்வதில்லை. "நான் ஆறு மாசத்துல நடந்தேன், உனக்கு என்ன?" என்ற பேச்சும் என் வாயில் வராது.

எங்களால் முடியாத இடம்

அழுகையும் கோபமும் வந்து வந்து போகும். ஒரு வாரம் தேறியவர் அடுத்த வாரம் சரிவார், அது வழக்கம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால், ஒரு மாதம் கடந்தும் ஹாரன் சத்தத்துக்கு உடம்பு நடுங்கி விபத்தே கண்முன் ஓடினால், குடி கூடினால், மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சோ, வலி மாத்திரையைச் சேர்த்து வைப்பதோ தெரிந்தால் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும், ஆளைத் தனியாக விடக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. காசில்லை, தமிழிலும் பேசலாம். தம்பிக்கு ஐந்தாவது மாதம் அப்படி ஒரு வாரம் வந்தது. மென்டராக நான் செய்தது, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவரோடு காத்திருந்தது மட்டும்தான்.

இப்போது அவர் பழைய வேலைக்குப் போகவில்லை. ஒரு குடோனில் சரக்குக் கணக்கு பார்க்கிறார். போன மாதம் அதே வார்டுக்கு ஒரு பையன் வந்திருப்பதாக ஃபிசியோ சொன்னார். வலது கால், முட்டிக்குக் கீழே, பைக் விபத்து. நான் தம்பியைக் கூப்பிட்டேன். "நான் என்ன அண்ணே பேசறது?" என்றார். அவன் கேட்டால் மட்டும் காலைக் காட்டு என்றேன்.