பூஸ்ட் கன்வெர்ட்டர்: விடை சரி, நடுவில்தான் கோளாறு

சென்னையில் எந்த இன்ஜினியரிங் காலேஜின் பவர் எலக்ட்ரானிக்ஸ் வைவாவிலும், வோல்டேஜை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு Vout/Vin = 1/(1−D) என்று மாணவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். D என்பது ஒரு சுற்றில் ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரத்தின் பங்கு. "சரி, ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது இண்டக்டரின் குறுக்கே எத்தனை வோல்ட்?" என்று கேட்டால்தான் சிக்கல். பாதிப் பேர் −Vout என்பார்கள். பக் கன்வெர்ட்டரில் அது சரி. அந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

பூஸ்டில் இண்டக்டரின் ஒரு முனை எப்போதும் Vin-லேயே இருக்கிறது. ஸ்விட்ச் மூடினால் மறுமுனை தரைக்குப் போகும். இண்டக்டர் மேல் +Vin. ஸ்விட்ச் திறந்தால் மறுமுனை டையோடு வழியாக அவுட்புட்டோடு சேரும். இண்டக்டர் மேல் Vin − Vout. நிலைத்த ஓட்டத்தில் T நேரம் எடுக்கும் ஒரு சுற்றில் ஏறிய கரண்ட் அதே சுற்றில் இறங்கியாக வேண்டும், ஆகவே இரண்டு வோல்ட்-செகண்டும் கூடிப் பூஜ்யமாக வேண்டும்:

```
Vin·D·T + (Vin − Vout)·(1−D)·T = 0
Vin = Vout·(1−D)
Vout/Vin = 1/(1−D)
```

−Vout என்று போட்டால் D/(1−D) வரும். அது பக்-பூஸ்டின் விகிதம். பிழையைப் பிடிக்க D = 0 என்று போட்டுப் பாருங்கள். ஸ்விட்ச் மூடவே இல்லையென்றால் Vin டையோடு வழியாக அப்படியே அவுட்புட்டுக்குப் போகும், விகிதம் 1 வர வேண்டும். பூஜ்யம் வந்தால் கணக்கு தப்பு.

ஆற்றல் வழியாகக் கணக்குப் போடுபவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். "மூடியிருக்கும்போது சேமித்ததை, திறந்திருக்கும்போது கொடுக்கிறது" என்று மட்டும் எழுதினால் மறுபடியும் D/(1−D)தான். திறந்திருக்கும் நேரத்திலும் சோர்ஸ் இண்டக்டர் வழியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அந்தப் பங்கு விட்டுப்போகிறது.

ஓர் உதாரணம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 24 வோல்ட், லோடு 24 ஓம், அதாவது 1 ஆம்பியர். ஸ்விட்சிங் 100 கிலோஹெர்ட்ஸ், இண்டக்டர் 100 மைக்ரோஹென்றி, D = 0.5. லோடு 1 ஆம்பியர்தானே என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1.5 ஆம்பியர் இண்டக்டர் வாங்கி வருவது அடுத்த தவறு. லோடு கரண்ட் என்பது டையோடு கரண்டின் சராசரி. டையோடு பாதி நேரம்தான் கடத்துகிறது. ஆகவே இண்டக்டரின் சராசரி 1/(1−D), அதாவது 2 ஆம்பியர். ரிப்பிள் 12 × 5 மைக்ரோசெகண்ட் / 100 மைக்ரோஹென்றி = 0.6 ஆம்பியர். உச்சம் 2.3 வரை போகும். அந்த உச்சத்துக்கு முன்பே கோர் சேச்சுரேட் ஆனால், ஸ்கோப்பில் நேர்கோடாக ஏற வேண்டிய கரண்ட் கடைசியில் சட்டென்று செங்குத்தாக எகிறும். மாஸ்ஃபெட் சூடாவது அப்புறம்தான் தெரியும்.

இந்த விகிதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இண்டக்டர் கரண்ட் சுற்றின் நடுவில் பூஜ்யத்தைத் தொடக் கூடாது. நம் கணக்கில் சராசரி 0.3 ஆம்பியருக்குக் கீழே, அதாவது லோடு 0.15 ஆம்பியருக்குக் கீழே போனால் நிபந்தனை உடைகிறது. ஃபீட்பேக் இல்லாமல் D-ஐ 0.5-லேயே வைத்து, 24 ஓமைக் கழற்றி 480 ஓம் மாட்டிப் பாருங்கள். 24 வராது, இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 36 வோல்ட். 25 வோல்ட் கெபாசிட்டர் போட்டிருந்தால் அதன் கதி தெரிந்ததே. இந்த நிலை வந்துவிட்டதா என்று ஸ்விட்ச் முனையில் ஸ்கோப் வைத்தாலே தெரியும்: டையோடு கடத்தி முடித்ததும் அடுத்த முறை ஸ்விட்ச் மூடும் வரை அலை Vin-ஐச் சுற்றிக் குதித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, D-ஐ 1-க்கு நெருக்கினால் எவ்வளவு வோல்ட் வேண்டுமானாலும் வரும் என்ற நம்பிக்கை. நம் இண்டக்டரின் கம்பி ரெசிஸ்டன்ஸ் RL = 0.24 ஓம் என்று வையுங்கள். லோடு R = 24 ஓமில் அது நூறில் ஒரு பங்குதான்.

```
Vout/Vin = [1/(1−D)] · 1/(1 + RL/(R·(1−D)²))
```

D = 0.5-ல் 24-க்குப் பதில் 23.1 வோல்ட்; பெரிதில்லை. D = 0.9-ல் விகிதம் 10 வர வேண்டியது, 5தான் வரும். உச்சமே அதுதான். 0.95-க்குப் போனால் 4-ஆகக் குறைந்துவிடும். ஃபீட்பேக் இருந்தால் இது இன்னும் மோசம்: அவுட்புட் குறைகிறதே என்று கன்ட்ரோலர் D-ஐ ஏற்றும், ஏற்ற ஏற்ற அவுட்புட் இன்னும் சரியும், இன்புட் கரண்ட் மட்டும் கூடிக்கொண்டே போகும். கன்ட்ரோலரில் D-க்கு ஒரு மேல்வரம்பு வைப்பது இதனால்தான். இந்த லோடுக்கு அதை 0.9-க்கு நன்றாகக் கீழேயே வையுங்கள்.