இலியம் வெட்டியவருக்கு எண்ணெயைக் குறைக்கும் முன்: பித்த அமில விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் குடல் அறுவை செய்துகொண்டவர்களுக்கு உணவுத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் வேலை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பித்தத்தை நொதி என்று எழுதுவது, பித்தப்பைதான் பித்தத்தைச் சுரக்கிறது என்பது போன்றவற்றை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். நோயாளியின் தட்டுவரை போகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பால்மமும் மைசெலும் ஒன்றென்று நினைப்பது

சாப்பாட்டு எண்ணெய் முன்சிறுகுடலுக்கு வந்ததும் பித்த அமிலமும் லெசித்தினும் அதன் துளிகளைச் சுற்றிக்கொள்கின்றன. குடலின் அசைவில் உடைந்த துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்கின்றன. துளி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதனால் கலவை பால்போல் வெளுத்திருக்கும். இதுதான் பால்மம். இந்தக் கட்டத்தில் கொழுப்பின் ஒரு பிணைப்புகூட அறுபடவில்லை, மேற்பரப்பு மட்டும்தான் கூடியிருக்கிறது.

அறுப்பது கணைய லைபேஸ். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: துளியைப் போர்த்திய பித்த அமிலமே லைபேஸை மேற்பரப்பிலிருந்து தள்ளிவிடும். கோலைபேஸ் என்ற சின்னப் புரதம் அதைப் பிடித்து நிறுத்தினால்தான் வேலை நடக்கும். அப்புறம் கிடைக்கிற கொழுப்பு அமிலங்களும் மோனோகிளிசரைடும் பித்த அமிலத்தோடும் லெசித்தினோடும் சேர்ந்து கலப்பு மைசெல் ஆகின்றன. இதன் அளவு 4 முதல் 8 நானோமீட்டர். ஒரு பால்மத் துளியின் குறுக்கே நூற்றுக்கு மேல் வரிசையாக வைக்கலாம். இந்தக் கரைசல் தெளிவாக இருக்கும், வெளுப்பே தெரியாது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பித்த அமிலம் குறையும்போது முதலில் அடிவாங்குவது மைசெல்தான். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமோல் என்ற குறைந்தபட்ச அடர்த்தி இல்லாவிட்டால் பித்த அமில மூலக்கூறுகள் தனித்தனியாக நிற்கும், மைசெல்லாகச் சேராது. லைபேஸ் ஒழுங்காக அறுத்துப் போட்டிருந்தாலும் சரக்கைக் குடல் சுவர்வரை கொண்டுபோக ஆள் இருக்காது.

மைசெல் முழுசாக உள்ளே போய்விடுகிறது என்று நினைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். விடைத்தாளில் எழுதினால் அரை மதிப்பெண் போகும், வார்டில் எழுதினால் நோயாளி எடை இழப்பார்.

மேட்டூர்ப் பக்கம் காவிரியில் பரிசல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சுமையும் ஆளும் கரையேறுவார்கள், பரிசல் தண்ணீரிலேயே நிற்கும். மைசெல்லும் அப்படித்தான். குடல் சுவரை ஒட்டி அசையாமல் கிடக்கும் நீர்ப்படலத்தைத் தாண்டிக் கொழுப்பு அமிலத்தைச் சுவரருகே சேர்க்கிறது. கொழுப்பு பெரும்பாலும் சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜூனத்திலேயே உள்ளே போய்விடுகிறது. பித்த அமிலம் குடலுக்குள்ளேயே தங்கி அடுத்த சுமையை ஏற்றுகிறது. பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தின் முடிவுக்குப் போனபின்தான், அதற்கென்றே இருக்கும் கடத்திப் புரதம் வழியாக உறிஞ்சப்பட்டு, போர்ட்டல் சிரையில் கல்லீரலுக்குத் திரும்புகிறது. இதுதான் குடல்–கல்லீரல் சுழற்சி.

ஆக, கொழுப்பு ஏறும் இடம் வேறு, பித்த அமிலம் ஏறும் இடம் வேறு. இதைப் பிடித்துக்கொள்ளாதவர், இலியம் வெட்டப்பட்ட எல்லோருக்கும் "கொழுப்பு ஏறாது" என்று எழுதி எண்ணெயை நிறுத்திவிடுவார்.

கணக்காகப் பாருங்கள். உடம்பில் மொத்தம் இருப்பது ஏறத்தாழ 3 கிராம் பித்த அமிலம். ஒரு நாளைக்கு 6 சுற்று என்று வைத்தால் 18 கிராம் குடலைக் கடக்கிறது. மலத்தில் போவது அரை கிராம் அளவுதான், அந்த அரை கிராமைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகச் செய்துவிடும். இலியம் கொஞ்சம் போனால் இழப்பு கூடும், கல்லீரலும் உற்பத்தியைப் பல மடங்கு கூட்டி ஈடுகட்டும். ஆனால் நிறையப் போய், பாதிதான் திரும்புகிறது என்று வையுங்கள். அதே ஓட்டத்தைத் தக்கவைக்க நாளைக்கு 9 கிராம் புதிதாகச் செய்தாக வேண்டும். அது கல்லீரலால் ஆகாத காரியம். கையிருப்பு கரைந்து, மைசெல் உருவாகும் அடர்த்திக்குக் கீழே இறங்கிவிடும்.

குடல் காசநோய்க்காக இலியத்தின் கடைசிப் பகுதியை எடுத்த ஒருவர் ஏற்காட்டிலிருந்து வந்தார், காபித் தோட்டத்தில் வேலை. "பஸ்ஸுல ஏறவே பயமா இருக்குதுங்கம்மா. பாதி மலை இறங்கறதுக்குள்ள வயித்தக் கலக்கிடுது" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவு, நடுவில் இறங்க இடமும் கிடையாது. பயிற்சிப் பெண் உடனே எண்ணெய், தேங்காய், பால் மூன்றையும் அடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"எத்தனை சென்டிமீட்டர் எடுத்திருக்காங்க?" என்றேன்.

"டிஸ்சார்ஜ் சம்மரியில 'இலியம் நீக்கப்பட்டது'னு மட்டும்தான் மேடம் இருக்கு."

எங்கிருந்து வரும் தாளாக இருந்தாலும் பாதிக்குமேல் இந்த லட்சணம்தான். அறுவைக் குறிப்பை வரவழைத்துப் பார்த்தோம்: 40 சென்டிமீட்டர். மலம் தண்ணீராகப் போகிறது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, எடை குறையவில்லை. எல்லாம் ஒத்துப்போனது. இவருக்குக் கொழுப்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது. தொல்லை, இலியத்தில் பிடிபடாத பித்த அமிலம் பெருங்குடலுக்குள் இறங்கி, அங்கே உப்பையும் நீரையும் சுரக்கவைத்ததுதான். மருத்துவர் பித்த அமிலத்தைக் கட்டிப்போடும் கொலஸ்டிரமின் பொடி எழுதினார், வயிற்றுப்போக்கு நின்றது. எண்ணெயைத் திருப்பிக் கொடுத்தோம்.

இதே பொடியை 150 சென்டிமீட்டர் போனவருக்குக் கொடுத்தால் கதை தலைகீழ். அவரிடம் மிச்சமிருக்கும் கொஞ்சப் பித்த அமிலத்தையும் அது கட்டிவிடும், கொழுப்புப் பேதி கூடும். அவருக்குத்தான் சாதாரணக் கொழுப்பைக் குறைத்து, மைசெல் உதவி அதிகம் தேவைப்படாத நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பான எம்சிடி எண்ணெய் கொடுக்க வேண்டும். 100 சென்டிமீட்டர் என்பது தோராயமான எல்லைக்கோடு. அதன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூன்று நாள் மலத்தில் கொழுப்பை அளந்து முடிவெடுப்பது நல்லது. தினம் 100 கிராம் கொழுப்பு சாப்பிடும்போது மலத்தில் நாளைக்கு 7 கிராமுக்குள் இருந்தால் இயல்பு. 20 கிராமைத் தாண்டினால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலம் மிதந்தால் கொழுப்பு என்று முடிவு கட்டுவது

மிதப்பது பெரும்பாலும் வாயுவால். பிசுக்கு, நாற்றம், எடை மூன்றையும் கேளுங்கள்.

எம்சிடிக்குப் பதில் தேங்காய் எண்ணெய்

மாற்று ஆகாது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு நீள்சங்கிலிக் கொழுப்பைப்போல நிணநீர் வழியாகத்தான் போகும்.

வைட்டமின்களை மறப்பது

பித்த அமிலம் மிகவும் குறைந்தாலும் சாதாரணக் கொழுப்பில் ஒரு நல்ல பங்கு எப்படியோ ஏறிவிடும். ஏ, டி, இ, கே அப்படி ஏறாது. பி12 வேறு கணக்கு: அதற்கு மைசெல் தேவையில்லை, ஆனால் அதுவும் அதே கடைசி இலியத்தில்தான் ஏறுகிறது.

கொலஸ்டிரமினை மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கச் சொல்வது

அவற்றையும் கட்டிவிடும். மற்ற மாத்திரைகளை ஒரு மணி நேரம் முன்னாலோ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ போடச் சொல்லுங்கள்.