பல் மருத்துவ கிளினிக்கில் அசோசியேட் நேர்காணல்: ஒரே ஒரு பல்லை வைத்துத் தயாராவது எப்படி?

மதுரையில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்த கையோடு அசோசியேட் வேலைக்கு வரும் பிள்ளைகளை நானே நேர்காணல் செய்வது வழக்கம். பெரும்பாலோர் பாடப்புத்தகத்தை முதலிலிருந்து புரட்டிவிட்டு வருகிறார்கள். நான் கேட்பது ஒரே ஒரு பல்லைப் பற்றித்தான். நோயாளி நாற்காலியில் உட்காருவதிலிருந்து, அவருக்குப் பயன்படுத்திய குறடு அடுத்தவருக்குத் தயாராகும் வரை சொல்லச் சொல்வேன். நீங்களும் அப்படியே தயாராகுங்கள். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் பயிற்சிப் பதிவேட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பேச்சில்தான் இருக்கிறது.

படி 1: நோயாளியிடம் பேசிக் காட்டுங்கள்

நான் கொடுக்கும் கதை இது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அறுபதை நெருங்கும் ஓர் அம்மா காலை பஸ்ஸில் வந்திருக்கிறார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் மூன்று நாளாக வலி. "இப்பவே பிடுங்கிவிடுங்கள், மதிய பஸ்ஸுக்குப் போக வேண்டும்" என்கிறார்.

"முதலில் மருத்துவ வரலாறு கேட்பேன்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எப்படிக் கேட்பீர்கள்? "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்றால் அந்த அம்மா "இல்லை" என்பார். மாத்திரை போட்டுக் கட்டுக்குள் இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்பது அவர் கணக்கு. அதனால் "தினமும் என்ன மாத்திரை போடுகிறீர்கள் அம்மா, பையில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மஞ்சப்பையிலிருந்து மூன்று அட்டைகள் வெளியே வரும்: மெட்ஃபார்மின், ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்று, ஆஸ்பிரின் 75.

அடுத்த கேள்வி, காலையில் சாப்பிட்டாரா என்பது. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறியிருந்தால் நாற்காலியிலேயே மயங்கலாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அங்கேயே பாருங்கள்.

ஆஸ்பிரினில்தான் பலர் வழுக்குகிறார்கள். "ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வேன்" என்கிறார்கள். ஒரு பல்லை எடுக்க ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால் இதயத்துக்கு வரக்கூடிய ஆபத்து, குழியில் கசியும் ரத்தத்தைவிடப் பெரியது. பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வைப்பது, தேவைப்பட்டால் ஒரு தையல், ரத்தம் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே பஸ்ஸுக்கு அனுப்புவது என்று சொன்னால் போதும். வெற்றிலை போடுபவரா என்று கேட்டு, சில நாளைக்கு அதை விலக்கச் சொல்பவர் எனக்கு இன்னும் பிடித்துப்போவார்.

படி 2: செய்ததைச் செய்த அளவுக்குச் சொல்லுங்கள்

வீட்டில் ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தனியாகச் செய்தவை, சீனியர் பக்கத்தில் நிற்கச் செய்தவை, பார்த்தவை. "வேர் சிகிச்சை நிறையச் செய்திருக்கிறேன்" என்பவரைவிட, "முன்பல்லில் ஆறு தனியாகச் செய்தேன், கடைவாயில் இரண்டு, இரண்டிலும் சீனியர் இருந்தார்" என்பவரை நம்பி நோயாளியைக் கொடுக்கலாம்.

எண்ணிக்கை எப்படியும் அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகும். நமது அம்மாவுக்கே வருவோம். பல்லை எடுக்கும்போது ஒரு வேரின் நுனி உடைந்து உள்ளே நின்றுவிட்டது. என்ன செய்வீர்கள்?

எதிர்பார்க்கும் பதில் எளியது. கண்மூடித்தனமாகத் துழாவக் கூடாது. ரத்தத்தை உறிஞ்சி, விளக்கைத் திருப்பி, கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நடந்ததை நோயாளியிடம் சொல்லி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தளர்ந்திருந்தால் மெல்லிய எலிவேட்டரால் வரும். சீழ் இல்லாத சிறு நுனியாக, கீழ்த்தாடை நரம்புக் குழாயை ஒட்டி ஆழத்தில் இருந்தால், அதைத் தோண்டுவது உதட்டை மரத்துப்போக வைக்கலாம். அப்போது விட்டுவைத்து, நோயாளிக்குச் சொல்லி, கேஸ் தாளில் எழுதி, மீண்டும் வரச் சொல்வதும் முறையான சிகிச்சைதான். "இந்த இடத்தில் சீனியரைக் கூப்பிடுவேன்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். எனக்கு வேண்டியது அந்த எல்லை எங்கே என்று தெரிந்தவர்.

படி 3: குறடைக் கையில் எடுங்கள்

என் முதல் நேர்காணலில் கிருமி நீக்கம் பற்றிக் கேட்டதும் "121 டிகிரி, 15 பி.எஸ்.ஐ., 15 நிமிடம்" என்று ஒப்பித்தேன். அந்த டாக்டர் ஒன்றும் பேசாமல் ஒரு குறடை நீட்டி, "கழுவிக் காட்டு" என்றார். நான் மூடியபடியே கழுவினேன். அவர் மூட்டை விரித்து, உள்ளே காய்ந்திருந்த பழுப்புக் கோட்டை நகத்தால் காட்டினார். வேலை கிடைக்கவில்லை.

அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் நீராவி படாது. அதனால் வரிசை இப்படிப் போகும்: கனமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு (பரிசோதனைக் கையுறையை முனைகள் கிழித்துவிடும்), மூட்டை விரித்துக் கழுவுதல், அல்ட்ராசோனிக் தொட்டி, அலசல், ஈரம் போகத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தல், இண்டிகேட்டர் பட்டையோடு பையில் போட்டு மூடுதல். ஆட்டோகிளேவில் பைகளை அடுக்கி அமுக்கக் கூடாது. நீராவி புக இடைவெளி விட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

சாதாரண ஆட்டோகிளேவில் பையிலிட்ட கருவிக்கு 121 டிகிரியில் 30 நிமிடம் வேண்டும். அந்தக் கணக்கு வெப்பம் 121-ஐத் தொட்ட பிறகே தொடங்கும். இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போனால்? மீதி பத்து நிமிடத்தை ஓட்டுவது தவறு. முழுச் சுற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். வெளியே எடுத்த பை ஈரமாக இருந்தாலும் அதே கதிதான், ஈரக் காகிதம் கிருமியை உள்ளே விடும்.

பட்டை நிறம் மாறிவிட்டால் எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிடாதீர்கள். சாதாரண நிறம் மாறும் டேப், சூட்டைக் கண்டதை மட்டுமே சொல்கிறது. கிருமி செத்ததா என்று சொல்வது வாரம் ஒருமுறை செய்யும் ஸ்போர் சோதனை. ஹேண்ட்பீஸ் வேறு கதை. அதன் குறுகிய குழாய்களில் காற்று சிக்கினால் நீராவி உள்ளே போகாது. அதற்காகத்தான் முதலில் காற்றை உறிஞ்சி எடுக்கும் பி வகை ஆட்டோகிளேவ்.

கழிவை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புக்கு. ஊசிக்கு மூடி போடுவதென்றால் ஒரே கையால்.

படி 4: திருப்பிக் கேளுங்கள்

சம்பளமா சதவீதமா, எத்தனை மணி வரை என்பதெல்லாம் நீங்களே கேட்டுவிடுவீர்கள். அதோடு, கிருமி நீக்கும் அறையைப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். உள்ளே போனதும் சிங்க்கையும் ஸ்போர் சோதனை நோட்டையும் பாருங்கள். ஆட்டோகிளேவுக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றும் விசாரியுங்கள். நமது ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் சில மாதத்தில் உள்ளே வெள்ளை உப்புப் படிந்துவிடும்; காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும்.

போன வருடம் மேலூரிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "சார், மூன்று வாரம் விட்டுப்போயிருக்கிறதே" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. திங்கட்கிழமை அவர் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து நோட்டு அவர் மேசையில்தான் இருக்கிறது.