பாஸ்புக் வரவில் ஒரு தொகை குறைகிறதா? மேலாளருக்கு இப்படி எழுதுங்கள் (சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

கணக்குத் திறப்பது பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, தங்கும் இடத்தின் முகவரி இருந்தால் வேலை முடிந்துவிடும். பல கம்பெனிகள் தாங்களே கூட்டிக்கொண்டுபோய்த் திறந்து தருகின்றன. பாஸ்புக் வேண்டுமென்றால் கணக்குத் திறக்கும்போதே கேட்டு வாங்குங்கள். எல்லாக் கணக்குக்கும் அது கிடைக்காது.

நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடப்பதை. ஊரில் பாஸ்புக்கைக் கொண்டுபோய்ப் பதிந்தால் போட்டது, எடுத்தது எல்லாம் வரிவரியாக வரும் என்று பழகியிருப்போம். இங்கே மாதக்கணக்கில் பதியாமல் விட்டால், சில வங்கிகளில் பதியாத வரவுகளையெல்லாம் கூட்டி ஒரே தொகையாகவும், செலவுகளைக் கூட்டி இன்னொரு தொகையாகவும் அச்சிட்டுவிடுவார்கள். எந்த நாள், எவ்வளவு என்பது புத்தகத்தில் இருக்காது. என் அறைத்தோழர் 400 வெள்ளிக்காக அலைந்தது இதனால்தான். டார்மிட்டரியில் கட்டில் கட்டிலாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எழுதியும் வைக்கிறேன்.

அவர் மார்ச் 2-இல் பதிந்தபோது இருப்பு 1,862.40 வெள்ளி. அப்புறம் ஓவர்டைம், மழை, சோர்வு. ஜூன் கடைசியில்தான் மறுபடி மெஷினில் புத்தகத்தைச் செருகினார். வந்தது இரண்டே தொகைகள்: மொத்த வரவு 4,100.32, மொத்தச் செலவு 3,300. இருப்பு 2,662.72. ஊருக்கு அனுப்ப எடுத்த பணம் 3,300 என்பது அவர் கணக்கோடு சரியாக நின்றது. வரவுதான் இடித்தது. மூன்று மாதச் சம்பளம் 1,150 வீதம் 3,450. கைமாற்றாகக் கொடுத்திருந்தது திரும்பி வந்தபோது மெஷினில் போட்ட ரொக்கம் மூன்று தடவை: மார்ச் 22-இல் 400, ஏப்ரல் 19-இல் 250, மே 17-இல் 400. ஆக 4,500 இருக்க வேண்டும்.

கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்டார். "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, 400 எதுவும் குறையவில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். கழித்துப் பார்த்தால் குறைவது 399.68 வெள்ளி, அது 400 இல்லையே என்பது அவர்கள் வாதம். அந்த 32 காசு வட்டி. மாதாமாதம் வங்கி போடும் வட்டியும் மொத்த வரவில் சேர்ந்துவிடும். அதனால் முதலில் வட்டியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 4,100.32-இல் 0.32 போனால் 4,100. அப்போதுதான் குறைவது சரியாக 400 என்று தெரியும்.

அதோடு நிற்கக் கூடாது. 400 இரண்டு தடவை போட்டிருக்கிறார். எந்த 400 என்று சொல்லாவிட்டால் வங்கியில் தேடவே மாட்டார்கள். காசோலை போட்டவர்கள் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். திரும்பிவந்த காசோலை முதலில் வரவாகவும் பிறகு செலவாகவும் நிற்கலாம், அப்படியானால் வரவில் குறையாது. இவர் காசோலை எதுவும் போடவில்லை.

ரசீதுகளைத் தேடினோம். மெஷின் ரசீது வெப்பத்தாள், பேன்ட் பையில் கிடந்து இரண்டு மாதத்தில் வெளிறிவிட்டது. நல்லவேளை, பணம் போட்டாச்சு என்று மனைவிக்குக் காட்ட மூன்றையும் அன்றன்றே படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மே 17 ரசீதில் பணம் சேர்ந்ததாக இல்லை. நடவடிக்கை முடியவில்லை, வங்கியைத் தொடர்பு கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தாளும் அளவும் மற்ற ரசீது மாதிரியே இருந்ததால் அவர் வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டார். மெஷின் நோட்டுகளை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு பழுதாகி நின்றிருக்கிறது. அன்றைக்கே பாஸ்புக்கைப் பதிந்திருந்தால் தெரிந்திருக்கும். மொத்தத் தொகை அதை மறைத்துவிட்டது.

அப்புறம் கடிதம். ஊரில் எழுதுவது மாதிரி குடும்பக் கஷ்டம், தங்கள் உண்மையுள்ள என்று இரண்டு பக்கம் வேண்டாம். நாங்கள் எழுதியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் கொடுங்கள், அறையில் எழுதத் தெரிந்த தம்பி ஒருவர் இருப்பார்.

"மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: சேமிப்புக் கணக்கின் மொத்த வரவில் 400 வெள்ளி ரொக்க வைப்பு விடுபட்டது.

என் பாஸ்புக்கில் மார்ச் 2-க்குப் பிறகான வரவுகள் ஒரே தொகையாக 4,100.32 வெள்ளி என்று ஜூன் 29-இல் பதிவாகியுள்ளன. இதில் வட்டி 0.32 என்று கொள்கிறேன். இந்தக் காலத்தில் சம்பளம் 3,450 வெள்ளியும், ரொக்கமாக 400, 250, 400 வெள்ளியும் செலுத்தினேன். மொத்தம் 4,500.

விடுபட்டது மே 17 அன்று இரவு 8.42 மணிக்குச் செலுத்திய 400 வெள்ளி என்று கருதுகிறேன். எட்டு 50 வெள்ளித் தாள்கள். மெஷின் எண்ணும் இடமும் இணைத்துள்ள ரசீதுப் படத்தில் உள்ளன. நோட்டுகள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

மார்ச் 2 முதல் ஜூன் 29 வரையிலான வரவு செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தாருங்கள். அந்த மெஷினின் அன்றைய பதிவையும் ரொக்க இருப்பையும் சரிபார்த்து, முடிவை எழுத்தில் தெரிவியுங்கள்."

கீழே பெயர், கணக்கு எண், கைபேசி எண், கையெழுத்து. ரகசிய எண், ஒருமுறைக் கடவுச்சொல் எதையும் எழுதாதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

நோட்டு வகையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. மெஷின் எந்த மதிப்பு நோட்டு எத்தனை உள்ளே போனது என்று பதிந்துவைக்கும். பிறகு வங்கி ஆட்கள் பெட்டியை எண்ணும்போது கணக்கைவிட எட்டு 50 வெள்ளித் தாள் கூடுதலாக இருந்தால் அது உங்கள் பணம்தான் என்று நிறுவுவது சுலபம். வெறுமனே 400 என்றால் அது நாலு நூறாகவும் இருக்கலாம். இவர் விஷயத்தில் நோட்டுக் கணக்கு ஒத்துவந்தது. அந்த மெஷினில் மிகுந்த 400 யாருடையது என்று தெரியாமல் வங்கியிலேயே தனிக்கணக்கில் கிடந்தது. தனிப்பட்டியலில் மே 17-க்கு நேராக எந்த வரவும் இல்லை. கடிதம் போன பிறகு பணம் வந்தது. ஆனால் பாஸ்புக்கில் அது மே 17 என்று வராது, அவர்கள் சரிசெய்த நாளின் தேதியில் வரும். அதைப் பார்த்து யாரோ புதிதாகப் பணம் போட்டார்கள் என்று குழம்ப வேண்டாம்.

கடிதம் கொடுக்கும்போது புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்பதில் தவறில்லை. இல்லையென்றால், வாங்கியவர் பெயரையும் நாளையும் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். மூலப் பாஸ்புக்கையோ ரசீதையோ விட்டுவராதீர்கள், நகல் போதும்.

வங்கி எழுத்தில் கைவிரித்துவிட்டால் பிட்ரெக் எனப்படும் நிதித்துறைப் பிணக்குத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும், வங்கியின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். அதனால்தான் முடிவை எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.