போட்டோவில் இருக்கும் நொட்டேஷனை கார்டு-வரி தாளாக மாற்றுவது

கிடார் வாசிப்பவருக்கு ஐந்து கோடும் புள்ளிகளும் எப்போதும் தேவைப்படுவதில்லை. எந்த எழுத்தில் எந்த கார்டு மாறுகிறது என்று தெரிந்தால் போதும். அதை மட்டும் போட்டோவிலிருந்து எடுத்து எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் படம். தாளுக்கு நேர் மேலே, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பாடல் வரிகள் ஆங்கில எழுத்தில் இருந்தால் அவற்றை மட்டும் தனியாக வெட்டி, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட் நிரலுக்கு இந்தக் கட்டளையில் கொடுக்கலாம்:

```
tesseract vari.png vari -l eng --psm 6
```

கார்டுகளைக் கையால் தட்டச்சு செய்வதுதான் நல்லது. நிரல் படிக்கும்போது கோடுகளுக்கு நடுவே `B6` என்பது `Bb` ஆகிவிடலாம். இரண்டுமே உண்மையான கார்டு என்பதால் பிழை கண்ணில் படாது. அடையாளம் ஒன்று உண்டு. வரி ஆரம்பத்தில் ஒரே ஒரு ஷார்ப் இருந்தால் பாட்டு பெரும்பாலும் `G` மேஜர் அல்லது `E` மைனர். அங்கே `Bb` வந்தால் படத்தைப் பெரிதாக்கி மறுபடி பாருங்கள்.

அடுத்து கார்டை வைக்கும் இடம். தாளில் கார்டுக்கு நேர் கீழே தெரியும் சொல்லை நம்ப வேண்டாம். கார்டிலிருந்து அதன் கீழே உள்ள சுரத்துக்கு வாருங்கள், அந்தச் சுரத்தில் பாடப்படும் அசையைப் பிடியுங்கள். அந்த அசையின் முதல் எழுத்துக்கு மேல்தான் கார்டு. நானே எழுதிய ஒரு வரி:

```
   G         C        D7       G
en vaasal thedi varum kaatre - -
```

'என்' முதல் தட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அதனால் `G` அதன் மேல் இல்லை, 'வா'வில் இருக்கிறது. `C` 'தேடி'யின் நடுவே, 'டி'யில் விழுகிறது. கடைசி `G` வரும்போது புது அசை இல்லை, 'றே' நீண்டுகொண்டிருக்கிறது. அதற்காகத்தான் அந்தக் கோடுகள்.

இடைவெளிக்கு ஸ்பேஸ் மட்டும். டேப் போட்டால் இன்னொருவர் கணினியில் எல்லாம் நகர்ந்துவிடும். எழுத்துரு `Courier New` போல எல்லா எழுத்தும் ஒரே அகலமாக இருப்பதாக இருக்கட்டும். வரி முப்பத்தைந்து எழுத்தைத் தாண்டினால் போன் திரையில் மடிந்து, கார்டு வரி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். வாட்ஸப்பில் அனுப்பும்போது முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் போடுங்கள்.

சரி, மேலே ஏன் ஆங்கில எழுத்தில் எழுதினேன்? தமிழில் 'ண' ஒரு அகலம், 'ர' ஒரு அகலம். 'கி' ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் கணினிக்கு இரண்டு குறியீடு. எத்தனை ஸ்பேஸ் தட்டினாலும் கார்டு நேராக நிற்காது. தமிழ் எழுத்தே வேண்டுமென்றால் கார்டை வரிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்:

```
என் [G]வாசல் தே[C]டி வரும் [D7]காற்றே - [G]-
```

இதற்கு கார்ட்ப்ரோ முறை என்று பெயர். எழுத்துரு மாறினாலும் கார்டு தன் அசையை விட்டு நகராது. எங்கள் பாடகர் குழுவுக்குத் தமிழ்ப் பாட்டு எல்லாம் நான் இப்படித்தான் எழுதித் தருகிறேன்.

முடித்ததும் தாளைப் பார்க்காமல், எழுதியதை மட்டும் வைத்து ஒரு முறை வாசித்துப் பாடுங்கள். மாற்றம் ஒரு அசை முன்னே பின்னே இருந்தால் காது உடனே சொல்லிவிடும்.